ட்ரோனில் மருந்தடிக்கும் முன்: அக்கா சொல்லும் ஏழு டிப்ஸ்

தங்கச்சிகளே, எங்கள் வட்டாரத்தில் சுய உதவிக் குழுப் பெண்களுக்காக நடந்த கருத்தரங்கில் ட்ரோன் பற்றிப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். பேசி முடித்ததும் கேள்விகள் விடாமல் வந்தன. "அக்கா, ட்ரோன்ல அடிச்சா மருந்து பாதி போதுமாமே?" "எங்க குழுவுக்கு ஒண்ணு வாங்கலாமா?" "புகையானுக்கு அடிக்கலாமா?" அங்கே சொன்ன பதில்களையே இங்கே வரிசையாக எழுதுகிறேன். உதாரணத்துக்கு டெல்டாவில் மூன்று மா நிலத்தை, அதாவது ஏறக்குறைய ஒரு ஏக்கர் சம்பா நெல்லை எடுத்துக்கொள்வோம். பயிரில் இலைச்சுருட்டுப் புழு விழுந்திருக்கிறது.

1. முதலில் பூச்சியைப் பாருங்கள், அப்புறம் ட்ரோனைக் கூப்பிடுங்கள்

ட்ரோன் மேலிருந்து அடிக்கிறது. கையால் அடிக்கும்போது ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர் போகும். ட்ரோனில் போவது ஏறக்குறைய 10 லிட்டர்தான். அந்தக் கொஞ்சத் தண்ணீரைச் சிறு துளிகளாக்கி, இறக்கைக் காற்றின் வேகத்தில் கீழே தள்ளுகிறது. அதனால் மேல் இலைகளில் நன்றாகப் படியும். நெருக்கமாகத் தூர் கட்டிய பயிரில் அடித்தண்டு வரை போய்ச் சேருவது கடினம்.

இலைச்சுருட்டுப் புழு மேல் இலையைச் சுருட்டிக்கொண்டு உள்ளே இருந்து பச்சையத்தைச் சுரண்டுகிறது. அதற்கு ட்ரோன் பொருத்தம். புகையான் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, தூரின் அடியில் உட்கார்ந்து சாறு உறிஞ்சும். அதற்கு மேலிருந்து அடித்துவிட்டு "மருந்து கேட்கல" என்று கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை. மருந்து பூச்சியைத் தொடவே இல்லை. புகையான் என்றால் வயலில் தண்ணீரை வடித்துவிட்டு, கைத்தெளிப்பானால் தூரைப் பார்த்து அடிப்பதுதான் வழி. நடவின்போதே எட்டடிக்கு ஓரடி பட்டம் விட்டிருந்தால் ஆள் நடந்துபோய் அடிக்கவும் வசதி, காற்றும் வெளிச்சமும் அடிவரை இறங்கும்.

களைக்கொல்லிக்கு இன்னும் எச்சரிக்கை வேண்டும். சிறு துளி காற்றில் மிதந்து பக்கத்து வயலுக்குப் போகும். நெல்லில் அடிக்கும் 2,4-டி பக்கத்தில் நிற்கும் பருத்தியில் பட்டால் இலை முறுக்கிக்கொண்டு பயிர் கெட்டுவிடும். பக்கத்தில் பருத்தியோ உளுந்தோ காய்கறியோ இருந்தால் களைக்கொல்லிக்கு ட்ரோன் வேண்டாம்.

அடிக்கத்தான் வேண்டுமா என்பதையும் பார்த்துவிடுங்கள். இலைச்சுருட்டுப் புழுவுக்குப் பொருளாதார சேத நிலை என்று ஓர் எல்லை உண்டு. வளர்ச்சிப் பருவத்தில் நூறு இலைக்குப் பத்து இலையும், பூக்கும் பருவத்தில் கண்ணாடி இலையில் நூற்றுக்கு ஐந்தும் சேதமானால்தான் மருந்து. அதற்குக் குறைவென்றால் சிலந்தியும் குளவியும் பார்த்துக்கொள்ளும். ட்ரோன் தெருவில் வந்து நிற்கிறது என்பதற்காக அடிப்பது வீண் செலவு.

2. குறைவது தண்ணீர்தான், மருந்து இல்லை

கருத்தரங்கில் அதிகம் பேர் குழம்பிய இடம் இது. நம் ஊரில் மருந்தை "டேங்குக்கு இவ்வளவு" என்று சொல்லிப் பழகிவிட்டோம். இலைச்சுருட்டுப் புழுவுக்குப் பயன்படும் குளோரான்ட்ரனிலிப்ரோல் 18.5 எஸ்.சி. மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏக்கருக்கு 60 மில்லி. 10 லிட்டர் கைத்தெளிப்பான் என்றால் ஏக்கருக்கு இருபது டேங்க் ஆகும், ஆக டேங்குக்கு 3 மில்லி. இந்தப் பழக்கத்திலேயே ட்ரோனின் 10 லிட்டர் டேங்கிலும் 3 மில்லி ஊற்றினால் ஏக்கருக்குப் போக வேண்டியதில் இருபதில் ஒரு பங்குதான் போகும். புழு சாகாது. ட்ரோன் டேங்க் ஒன்று ஓர் ஏக்கருக்கு என்றால் அதில் 60 மில்லியும் போக வேண்டும். ட்ரோனுக்கு என்று கேட்டால் "ஏக்கருக்கு எவ்வளவு?" என்றுதான் கேட்க வேண்டும்.

இதே கணக்கு எதிர்ப்பக்கமும் வெட்டும். உளுந்துக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பயறு ஒண்டர் ஏக்கருக்கு 2 கிலோ. 200 லிட்டர் தண்ணீரில் கரைத்தால் அது நூற்றுக்கு ஒரு பங்கு கரைசல். அதே 2 கிலோவை 10 லிட்டரில் கரைத்தால் நூற்றுக்கு இருபது பங்கு. இலை கருகிவிடும். டி.ஏ.பி. 2 சதவீதக் கரைசலுக்கு ஏக்கருக்கு 4 கிலோ வேண்டும். அதை 10 லிட்டரில் கரைக்கப் பார்த்தால் கசடுதான் மிஞ்சும், நாசில் அடைத்துக்கொள்ளும். பூச்சிமருந்துக்கு மில்லி கணக்கு என்பதால் பிழைத்தோம். கிலோ கணக்கில் கரைக்கும் இலைவழி உரங்களை ட்ரோனில் அப்படியே மாற்றிப் போடாதீர்கள். வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டு, முதலில் ஒரு மூலையில் அடித்து இரண்டு மூன்று நாள் இலையைப் பார்த்துவிட்டு மிச்சத்தை அடியுங்கள்.

கலக்கும் முறை: வாளியில் கொஞ்சம் தண்ணீர் எடுத்து மருந்தை ஊற்றி நன்றாகக் கலக்குங்கள். டேங்கில் பாதி தண்ணீர் நிரப்பி, வாளிக் கலவையை வடிகட்டி ஊற்றுங்கள். மிச்சத் தண்ணீரால் நிரப்புங்கள். நேரடியாக டேங்கில் மருந்தை ஊற்றினால் அடியில் தங்கும். வயலின் ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் விழும்.

3. கலக்குபவருக்குத்தான் ஆபத்து அதிகம்

ட்ரோனால் பெரிய நன்மை, முதுகில் டேங்கைச் சுமந்துகொண்டு சேற்றில் நடந்து மருந்துப் புகைக்குள்ளேயே போகும் வேலை மறைகிறது. அடிப்பவர் வரப்பில் நிற்கிறார். இதை நான் மனதார ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் கலவையின் அடர்த்தி இருபது மடங்கு கூடியிருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. கைத்தெளிப்பானில் கையில் சிந்தினால் படும் மருந்தைப் போல இருபது மடங்கு ட்ரோன் கலவையில் படும். குழுக்களில் பைலட் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டிருக்க, கலக்குவதும் டேங்கில் ஊற்றுவதும் பெரும்பாலும் உதவிக்கு வரும் பெண்கள்தான். ரப்பர் கையுறை, கண்ணாடி, முகக்கவசம், முழுக்கைச் சட்டை இல்லாமல் வாளியைத் தொடாதீர்கள். துணிக் கையுறை வேண்டாம், அது மருந்தை உறிஞ்சித் தோலோடு ஒட்டவைக்கும். ட்ரோன் எழும்பும்போது காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்து, அந்தப் பக்கத்தில், தள்ளியே நில்லுங்கள். டேங்க் கழுவிய தண்ணீரை வாய்க்காலில் விடாதீர்கள். அதையும் அந்த வயலிலேயே தெளித்துவிடலாம்.

4. வேகத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்

வாடகைக்கு வருபவர் எத்தனை ஏக்கர் அடித்தார் என்பதில்தான் அவருக்கு வருமானம். ஆகவே வேகமாக ஓட்ட ஆசை வரும். நீங்கள் வரப்பில் நின்றே கண்டுபிடிக்கலாம்.

ட்ரோன் ஒரு முறை போகும்போது 4 மீட்டர் அகலம் நனைக்கிறது, நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் போகிறது என்று வையுங்கள். நொடிக்கு 16 சதுர மீட்டர். ஓர் ஏக்கர் 4,047 சதுர மீட்டர். ஆக, தெளிக்கும் நேரம் மட்டும் 253 நொடி, அதாவது நான்கு நிமிடத்துக்குச் சற்று அதிகம். திரும்புவதையும் சேர்த்தால் ஆறு ஏழு நிமிடம் ஆகும். தெளிக்கும் அந்த 253 நொடிக்குள் 10 லிட்டர் காலியாக வேண்டுமென்றால் பம்ப் நிமிடத்துக்கு 2.4 லிட்டர் தள்ள வேண்டும்.

பம்ப்பை மாற்றாமல் வேகத்தை மட்டும் நொடிக்கு 6 மீட்டராக்கினால் ஏக்கர் 169 நொடியில் முடிந்துவிடும். வயலில் விழுவது 6.7 லிட்டர்தான். டேங்கில் 3.3 லிட்டர் மிச்சம். மூன்றில் ஒரு பங்கு மருந்து பயிருக்குப் போகவே இல்லை. புதிய ட்ரோன்களில் வேகத்துக்கு ஏற்ப பம்ப் தானாகக் கூடிக்குறையும் வசதி இருக்கலாம். இருந்தாலும் சோதனை ஒன்றுதான்: வயல் முடியும்போது டேங்கும் முடிய வேண்டும். நிறைய மிச்சமிருந்தாலும், பாதி வயலிலேயே தீர்ந்துபோனாலும் கணக்கு தப்பு.

உயரம் பயிர் நுனியிலிருந்து ஏறக்குறைய 2 மீட்டர் இருக்கட்டும். அதற்கு மேலே போனால் துளி காற்றில் பறக்கும். மிகத் தாழப் போனால் இறக்கைக் காற்றே பயிரைச் சாய்க்கும், குறிப்பாகக் கதிர் வந்த பயிரை. தென்னை, மின்கம்பி, பம்ப்செட் கொட்டகை இருக்கும் ஓரங்களில் ட்ரோன் விட்டுவிட்டுப் போகும். அந்த ஓரத்தைக் கையால்தான் அடிக்க வேண்டும். அதற்கு ஒரு டேங்க் கைத்தெளிப்பானில் தனியாகக் கலந்துவையுங்கள். அதற்கு மட்டும் பழைய 3 மில்லி கணக்கு.

நேரம் காலை பனி காய்ந்த பிறகு பத்து மணி வரை, அல்லது மாலை நான்குக்குப் பிறகு. உச்சி வெயிலில் சிறு துளி இலையில் படுமுன்பே காய்ந்துவிடும். இலை தொடர்ந்து அசைந்து கிளைகளும் ஆடும் காற்று இருந்தால் அன்றைக்கு நிறுத்திவையுங்கள். உளுந்து பூத்திருந்தால் தேனீக்கள் போன பிறகு, மாலையில்.

5. மஞ்சள் காகிதம் பொய் சொல்லாது

"நல்லா பட்டுச்சா?" என்று பைலட்டிடம் கேட்டால் "நல்லா பட்டுச்சு" என்பார். இதற்குத் தண்ணீர் பட்டால் நிறம் மாறும் மஞ்சள் காகிதம் இருக்கிறது. துளி விழுந்த இடம் நீலப் புள்ளியாகும். தெளிப்பான் உபகரணங்கள் விற்பவர்களிடம் சிறு அட்டைகளாகக் கிடைக்கும்.

குச்சியில் மூன்று அட்டையைக் கிளிப் போட்டு, ஒன்றைப் பயிர் நுனி உயரத்தில், ஒன்றை நடுவில், ஒன்றைத் தூருக்கு அருகில் வையுங்கள். வயலின் நடுவில் ஒன்று, இரண்டு ஓட்டத்துக்கு இடையில் ஒன்று என்று இரண்டு குச்சி போதும். ஈரக் கையால் தொடாதீர்கள், பனி இருக்கும்போது வைக்காதீர்கள், இரண்டிலும் மருந்து படாமலே நீலமாகிவிடும். முதலில் வெறும் தண்ணீரில் ஓர் ஓட்டம் ஓட்டச் சொல்லிப் பாருங்கள்.

படிப்பது எளிது. மேல் அட்டையில் புள்ளிகள் தனித்தனியாக, சீராக இருந்தால் சரி. ஒரே நீலமாக வழிந்திருந்தால் துளி பெரிதாக, மருந்து வழிந்து வீணாகிறது. இரண்டு ஓட்டத்துக்கு நடுவில் வைத்த அட்டை மஞ்சளாகவே இருந்தால் ஓட்டங்கள் ஒன்றோடொன்று சேரவில்லை. வயலில் பட்டை பட்டையாகப் புழு மிஞ்சும். அடி அட்டை மஞ்சளாக இருந்தால்? முதல் டிப்ஸில் சொன்ன புகையான் கதை இதுதான். இலைச்சுருட்டுப் புழுவுக்கு அது பெரிய குறை இல்லை, புகையானுக்கு அதுவே முழுத் தோல்வி.

6. வாங்குவதா, வாடகையா?

மத்திய அரசின் நமோ ட்ரோன் தீதி திட்டத்தில் 15,000 மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு ட்ரோன் தருவதாக அறிவித்தார்கள். விலையில் 80 சதவீதம், அதிகபட்சம் 8 லட்சம் ரூபாய் மானியம். மிச்சத்தைக் கடனாக வாங்கலாம், வட்டியில் 3 சதவீதச் சலுகை உண்டு. 15 நாள் பயிற்சியும் உண்டு. பத்து லட்ச ரூபாய்ச் சாமான் இரண்டு லட்சத்தில் கிடைப்பது போலத் தெரியும். ஆனால் வாங்கும் விலையோடு செலவு முடிவதில்லை. ஓட்டும் செலவைப் பாருங்கள்.

இங்கே எடுத்துக்காட்டுக்கான எண்களைப் போடுகிறேன், உங்கள் ஊர் விலையை வைத்துத் திருத்திக்கொள்ளுங்கள். வாடகை ஏக்கருக்கு 500 ரூபாய். ஒரு செட் பேட்டரி 40,000 ரூபாய், 250 முறை சார்ஜ் ஏறினால் ஓய்ந்துவிடும், ஒரு சார்ஜில் ஓர் ஏக்கர். அப்படியானால் பேட்டரி தேய்மானம் மட்டும் ஏக்கருக்கு 160 ரூபாய். வண்டிக்குப் பெட்ரோல் எப்படியோ ட்ரோனுக்கு பேட்டரி அப்படி. ஜெனரேட்டர் பெட்ரோலும் வண்டி வாடகையும் 60, பைலட்டுக்கும் உதவியாளருக்கும் 120, இறக்கை, நாசில், பம்ப், காப்பீடு எல்லாம் சேர்த்து 40. மொத்தம் 380. ஏக்கருக்குக் கையில் நிற்பது 120 ரூபாய்.

மானியம் போக உங்கள் பங்கு 2 லட்சம் என்றால், வட்டியைக் கணக்கில் சேர்க்காமலே, அதை எடுக்க ஏறக்குறைய 1,670 ஏக்கர் அடிக்க வேண்டும். நாளைக்கு 15 ஏக்கர் என்றால் 111 நாள். மானியம் இல்லாமல் பத்து லட்சமும் உங்கள் கைப்பணம் என்றால் 8,300 ஏக்கருக்கு மேல், ஏறக்குறைய 555 நாள் வேலை. நெல் வயலில் எல்லாரும் ஒரே வாரத்தில் மருந்தடிப்பார்கள், அப்புறம் வேலையே இருக்காது. காற்று, மழை வந்தால் அந்த நாளும் போச்சு. பத்து கிராமம் சுற்றி, குறுவை, சம்பா, தாளடி, உளுந்து என்று வேலையைத் தொடர்ந்து பிடிக்க முடியும் குழுவுக்கு வாங்குவது லாபம். சொந்த வயலுக்கு மட்டும் என்றால் வாடகைதான்.

வாங்கினால் பேட்டரியைக் கண்ணும் கருத்துமாகப் பாருங்கள். இறக்கியதும் சூடாக இருக்கும், ஆறின பிறகே சார்ஜ் போடுங்கள். வேலை இல்லாத மாதங்களில் முழு சார்ஜிலும் வைக்காதீர்கள், காலியாகவும் வைக்காதீர்கள், பாதி சார்ஜில் வையுங்கள். உப்பிய பேட்டரியை அன்றே ஒதுக்கிவிடுங்கள், அது தீப்பிடிக்கும்.

பைலட் யாராக இருந்தாலும் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். 2021 ட்ரோன் விதிகளின்படி, அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிறுவனத்தில் படித்துச் சான்றிதழ் வாங்கியவர்தான் மருந்தடிக்கும் ட்ரோனை ஓட்டலாம். ட்ரோனுக்கும் தனி அடையாள எண் இருக்க வேண்டும். பறக்கும் இடத்துக்குப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வரைபடம் இருக்கிறது. தஞ்சாவூரில் விமானப்படைத் தளமும் திருச்சியில் விமான நிலையமும் இருப்பதால், அவற்றைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் வரைபடத்தைப் பார்க்காமல் பறக்கவிடாதீர்கள்.

7. துல்லிய வேளாண்மைக்கு முதல் கருவி இலை வண்ண அட்டை

"துல்லிய வேளாண்மை" என்றால் தேவையான இடத்தில், தேவையான அளவு மட்டும் கொடுப்பது. நம் ஊருக்கு வரும் மருந்தடிக்கும் ட்ரோன் அதைச் செய்வதில்லை. வயல் முழுவதும் ஒரே அளவுதான் கொடுக்கும். எங்கே பயிர் வாடுகிறது என்று பார்க்க வேறு கேமரா, வேறு ட்ரோன், அதற்குமேல் படத்தைப் படித்துச் சொல்லும் ஆள் வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தில் ஒரு புள்ளி 10 மீட்டருக்கு 10 மீட்டர். உங்கள் ஓர் ஏக்கர் அதில் ஏறக்குறைய 40 புள்ளிகள்தான். வரப்பு, தென்னை நிழல் விழும் புள்ளிகளைக் கழித்தால் இன்னும் குறையும். பெரிய பண்ணைக்கு அது நல்ல கருவி, மூன்று மா நிலத்துக்கு உங்கள் கண்ணே போதும்.

உங்கள் கண்ணுக்குத் துணை இலை வண்ண அட்டை. நட்ட 14-ஆம் நாளிலிருந்து பூக்கும் வரை வாரம் ஒரு முறை, காலை எட்டிலிருந்து பத்துக்குள், பத்துச் செடியில் மேலே முழுதாக விரிந்த இலையை அட்டையோடு ஒப்பிடுங்கள். வெயில் நேரடியாகப் படாமல் உங்கள் உடம்பால் மறைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற ரகங்களுக்கு 4. பத்தில் ஆறு இலையோ அதற்கு மேலோ அந்த எண்ணுக்குக் கீழே இருந்தால் மட்டும் யூரியா.

இதற்கும் மருந்தடிப்பதற்கும் தொடர்பு இருக்கிறது. யூரியா அதிகமாகிக் கரும்பச்சையாக, நெருக்கமாக நிற்கும் பயிரைத்தான் இலைச்சுருட்டுப் புழுவும் புகையானும் தேடி வரும். அட்டை பார்த்து உரம் போட்டால் மருந்தடிக்கும் முறைகள் குறைய வாய்ப்பு அதிகம்.

சுருக்கமாக என் தீர்ப்பு: மேல் இலைப் பூச்சிக்கு, ஆள் கிடைக்காத ஊரில், சான்றிதழ் உள்ள பைலட்டோடு ட்ரோனை ஒரு பருவம் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். டேங்க் காலியான நேரம், மஞ்சள் அட்டையின் நிலை, அடித்து ஐந்து நாள் கழித்துப் புழு எண்ணிக்கை, செலவு, இந்த நான்கையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். 1,670 ஏக்கருக்கு மேல் வேலை உறுதி என்று அந்த நோட்டும் உங்கள் குழுவும் சொன்னால் மானிய விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுங்கள். அதுவரை வாங்காதீர்கள்.